வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்தது

முகம்மது சாதிக் சவூதியில், தம்மாமில் வாடகைக் கார் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். திரும்பி வரும் வண்டியைச் சுற்றி வந்து, எங்கே கீறல், எங்கே நெளிசல் என்று சொல்வதுதான் வேலை. இல்லாத கீறலை ஒருநாளும் சொன்னதில்லை. சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் கோழி வளர்த்தார்.

ஆனி மாதம் ஒரு கோழிக்குஞ்சு காணாமல் போனது. அன்றைக்கே வேப்பமரத்தில் ஒரு புதுப் பறவை உட்கார்ந்திருந்ததை அவர் மனைவி முபஷ்ஷிரா பார்த்துவிட்டாள்.

"பருந்துங்க. மேலெல்லாம் புள்ளி. அதான் தூக்கியிருக்கு."

அவள் தம்பி சதாம் உண்டிவில்லோடு வந்து நின்றான். "மச்சான், ஒரே அடி."

"பொறுலே. என்னன்னு தெரியாம அடிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, மகளுக்குக் கல்லூரியில் விலங்கியல் எடுக்கும் ஷீலா டீச்சருக்கு சாதிக் போன் போட்டார்.

"பருந்து ஒண்ணு வந்திருக்கு டீச்சர்."

"பேரை விடுங்க பாய். பாக்கிறதை மட்டும் சொல்லுங்க. எவ்வளவு பெருசு?"

அது அவருக்குத் தெரிந்த வேலை. மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"காக்காயைவிட ஒல்லி. வால் நீளம், குறுக்கே கோடு கோடா இருக்கு. முதுகு காப்பிக்கொட்டை நிறம், அதில வெள்ளைப் புள்ளி. வயித்துப்பக்கம் வெள்ளை, அங்கயும் கறுப்புக் கோடு. கண்ணு நல்ல செவப்பு."

"அலகு? நுனி கொக்கி மாதிரி கீழே வளைஞ்சிருக்கா?"

"கொக்கி இல்ல. நுனி லேசா இறங்குது, அவ்வளவுதான். வெளிறின பச்சை."

"என்ன செய்யுது?"

"வேப்பம்பழத்தை முழுசா முழுங்குது."

"சத்தம் போடுதா?"

சாதிக் போனை மரத்துப் பக்கம் நீட்டினார். 'கிக்-கிக்-கிக்' என்று வேகமாகக் கத்திவிட்டு அது கிளை மாறியது.

"பாய், அது குயில். பொட்டைக் குயில்."

"குயில் கறுப்புல்லா!"

"ஆண்தான் கறுப்பு. 'கூ'ன்னு கூவுறதும் அதுதான். இதுக்குக் கோழிக்குஞ்சு தூக்குற அலகு இல்ல."

சாதிக் அதை அப்படியே சதாமிடம் சொன்னார். ஆனால் முபஷ்ஷிரா நம்பவில்லை.

"அப்ப குஞ்சு எங்கங்க?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் முருங்கைமரத்திலிருந்து ஒரு காக்கா தாழ்ந்து பறந்து வந்தது. தாய்க்கோழி சீறிப் பாய்ந்தது. அதற்குள் ஒரு குஞ்சு காக்காயின் அலகில் இருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சதாம் உண்டிவில்லை இழுப்பதற்குள் அது பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

சாதிக் மீதிக் குஞ்சுகளைப் பிடித்துக் கூடை போட்டு மூடினார்.

"இதையும் டீச்சர்ட்ட கேக்கணுமா?" என்றாள் முபஷ்ஷிரா.

"வேண்டாம்" என்றார் சாதிக். கூடையின் மேல் ஒரு செங்கலைத் தூக்கி வைத்தார்.