கரண்ட் போனால் பேனலும் நிற்கும்

பிராங்க்ளின் சோலார் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத ஆள். பின்னே? பேனல் விற்கிறவன் எவனாவது "உங்கள் கரண்ட் பில் ஜீரோ ஆகாது" என்று மெயிலை ஆரம்பிப்பானா? அவர் ஆரம்பித்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே மாடியறையில் உட்கார்ந்து, திருச்சி, லால்குடி ஃபாக்டரி முதலாளிகளுக்கெல்லாம் அதை அனுப்பினார்.

"பகலில் பேனல் தரும் கரண்ட்டை நீங்கள் பயன்படுத்தும் அளவுக்குத்தான் பில்லில் மிச்சம். ராத்திரி ஷிஃப்டுக்கு உதவாது. டிமாண்ட் சார்ஜ் என்று மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தூசி படிந்தால் உற்பத்தி குறையும், கழுவ வேண்டும். நாங்கள் போடும் பேனலில் பேட்டரி கிடையாது. லைன் கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும். பேனல் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிரை வாங்கிவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு."

போட்டிக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன! இந்த மாதம் ஒரு ஆர்டராவது வராவிட்டால் அம்மாசியை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூரையேறிப் பேனல் மாட்டியவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

லால்குடி ரோட்டில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கும் இம்தியாஸ் மட்டும் கூப்பிட்டனுப்பினார். பிராங்க்ளின் ஆசையோடு ஓடினார்.

"வாங்க சார், உக்காருங்க. உங்க மெயில வரிக்கு வரி படிச்சேன். மத்தவங்க எல்லாம் கரண்ட் போனாலும் ஓடும்னாங்க. மெய்தானா?"

"பேட்டரி இல்லாம ஓடாது பாய். ஜெனரேட்டர் போட்டா, அதோட சேர்த்து ஓட்டலாம். அதுக்குத் தனியா கருவி வேணும். ஜெனரேட்டர் இல்லாம முடியாது."

"என் ஜெனரேட்டர் செத்துக்கிட்டிருக்கு. கரண்ட் போறப்பல்லாம் ஐஸ் உருகுது, அதுக்காகத்தான் சோலார் கேட்டேன். உங்கள நம்புறேன். அதனாலதான் இப்ப வேணாம். மொதல்ல ஜெனரேட்டர மாத்திக்கிறேன்."

நம்பியதால் வேண்டாமாம்! இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா? பிராங்க்ளின் சலாம் சொல்லிவிட்டு எழுந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

மாடியறையில் அம்மாசி கூரையேறும்போது கட்டும் பெல்ட்டின் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பிராங்க்ளின் மெயிலைத் திறந்து, அந்த லைன் கரண்ட் வரியை அழிக்கப் போனார். அம்மாசி எட்டிப் பார்த்தார்.

"அத எடுக்காதீங்க சார். கரண்ட் போன அன்னிக்கு மொதலாளி உங்கள தேடி வர மாட்டாரு. ஷெட்டு மேல நிக்கிற என் சட்டையத்தான் புடிப்பாரு."

"ஆர்டர் இல்ல, அம்மாசி."

"தெரியும் சார். திங்கக்கிழமை, நம்மளப் பாத்து சிரிச்ச அந்தப் பெரிய கம்பெனியில சேர்றேன். வீட்டுல அடுப்பு எரியணும்ல."

"அவங்க கரண்ட் போனாலும் பேனல் நிக்காதுன்னு சொல்லி விக்கிறாங்களே?"

"விக்கிறது அவங்க. ஏச்சு வாங்குறது நான். வாங்கிக்கிறேன், என்ன பண்றது?"

பிராங்க்ளின் அந்த வரியை அழிக்காமல் விட்டார். "மன்னிச்சிருப்பா" என்றார்.

"நீங்க எதுக்கு சார் கேக்குறீங்க," என்றார் அம்மாசி. "உங்ககிட்ட இருந்தவரைக்கும் எந்த ஷெட்டுக்கும் நான் பயந்து போனதில்ல."