திரும்ப வராத பிழை

யசோதினியின் வேலை, பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் உண்டு என்று கேட்டபோது அவளுடைய அம்மா பாப்பம்மா நம்பவே இல்லை. "அப்படின்னா எந்நேரமும் குத்தம் சொல்ற நம்ம கணக்கப்பிள்ளைக்கு என்னா சம்பளம் குடுக்கணும்!" என்று சிரித்தாள். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்து, வீட்டோடு இருப்பவள் அவள். மகள் கண்டி டவுனில் கதிரையில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்துச் சம்பாதிக்கிறாள் என்பதைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

அது ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். டாக்டரைப் பார்க்கப் போனிலேயே நம்பர் எடுக்கும் செயலி ஒன்றைச் செய்தார்கள். செயலி வெளியே போகுமுன் அதைத் தட்டி, அமத்தி, புரட்டிப் பார்த்து, பிழை இருந்தால் 'டிக்கெட்' என்ற பிழைக் குறிப்பு எழுதிப் போடவேண்டும். யசோதினி இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். அது முடிந்து நிரந்தரமாக்கினால்தான் வேலை வேலை. இல்லாவிட்டால் மறுபடி லயம்தான்.

வந்த புதிதில் அவள் எழுதிய டிக்கெட்டுகளைப் படித்தால் இப்போதும் சிரிப்பு வரும். "நம்பர் எடுக்க முடியவில்லை, பார்க்கவும்" என்று ஒற்றை வரி. ஒன்றில் பொத்தானின் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதிவிட்டாள். கொழும்பில் இருக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாத டெவலப்பர்கள் சிலர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். இது என்ன எழுத்து, எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள் என்று குறிப்பும் வைத்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் தன் டிக்கெட்டில் தலைகாட்டக் கூடாது என்று வைராக்கியம் எடுத்தாள். அந்த வைராக்கியம்தான் அவளைக் கவிழ்த்தது.

மார்கழி மழையில் ஒரு நாள் அந்தப் பிழையைக் கண்டாள். மாலை நேரத்துக்கு நம்பர் எடுத்தால், காலை நேரத்தில் போய்ப் பதிவாகிறது. நோயாளி சாயந்தரம் வந்து நிற்பார். அவருடைய நம்பரோ காலையிலேயே கூப்பிட்டு முடிந்திருக்கும். சாமி கண்ணைத் திறந்துவிட்டது, இது ஒன்று போதும், நிரந்தரமாகிவிடுவேன் என்று யசோதினி நினைத்தாள்.

டிக்கெட்டை இங்கிலீஷில் அழகாக எழுதினாள். செயலியைத் திற, டாக்டரைத் தெரிவுசெய், நாளைத் தெரிவுசெய், 'ஈவினிங்' என்பதை அமத்து, உறுதிசெய். எதிர்பார்த்தது: மாலைக்கு நம்பர் பதிவாக வேண்டும். நடந்தது: காலைக்குப் பதிவாகிறது. எந்தப் போன், செயலியின் எந்தப் பதிப்பு, எல்லாம் இருந்தது. வந்த எஸ்எம்எஸ்ஸைப் படம் பிடித்து இணைத்தாள். எஸ்எம்எஸ் எப்போதும் இங்கிலீஷில்தான் வரும். ஒரு குறையும் சொல்ல முடியாத டிக்கெட்.

கொழும்பிலிருந்து டெவலப்பர் ஸிபான் அதை மூடிவிட்டான். "படிப்படியாகச் செய்து பார்த்தேன். திரும்ப வரவில்லை."

அவள் தன் போனில் செய்து பார்த்தாள். வந்தது. மறுபடி திறந்தாள். அவன் மறுபடி மூடினான். சோதனைப் பிரிவின் பொறுப்பாளர் றலியாவிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினாள். றலியாவின் கண் முன்னாலேயே பிழை வந்தது. றலியா ஆபீஸ் போனை எடுத்து, டிக்கெட்டில் உள்ளபடியே அமத்திப் பார்த்தாள். ஒழுங்காகப் பதிவாயிற்று.

"ஒங்கட போன் பழசு யசோதினி. அதுல வாறத வச்சி சண்டை பிடிக்க ஏலாது."

"இல்ல மிஸ், எப்ப செஞ்சாலும் வருதே."

"அப்ப ஆபீஸ் போன்லயும் வரணும்தானே?"

தலையைப் பிய்த்துக்கொண்டாள். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், செயலியை அழித்து மறுபடி இறக்கினாள். பிழை அவளுடைய கைக்கு மட்டும் வாலாட்டியது. கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். செயலி வெளியே போயிற்று. திரும்ப வராத பிழைகளைத் திரும்பத் திரும்பப் போட்டு டெவலப்பர்களின் நேரத்தை வீணாக்குகிறவள் என்று அவளுடைய மதிப்பீட்டில் எழுதினார்கள். தகுதிகாண் காலம் முடிந்த அன்றே வேலையும் முடிந்தது. டிக்கெட் போடும் லாகினை வெட்டினார்கள். பாப்பம்மாவிடம் லீவு என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்ன வாய் பல நாள் கசந்தது.

பிறகொரு சாயந்தரம் பாப்பம்மாவின் முழங்காலுக்காகக் கண்டியில் டாக்டர்மார் வந்து நோயாளிகளைப் பார்க்கும் ஒரு சனல் சென்டருக்குப் போனார்கள். செயலியில் யசோதினிக்கு நம்பிக்கை இல்லை. கவுண்டருக்குப் போனில் கோல் எடுத்தே நம்பர் வாங்கியிருந்தாள். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் கவுண்டரில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க நம்பர் காலையில போயிட்டும்மா. டாக்டர் இனி எடுக்க மாட்டார்" என்றாள் கவுண்டர் பெண்.

"ஹுன்னஸ்கிரியாவுல இருந்து வாறோம் மிஸ். புள்ளைக்குக் காய்ச்சல். மாலைனுதான் அமத்துனேன், இந்தா பாருங்க."

அவள் நீட்டிய போனில் 'மாலை' என்றிருந்தது. தமிழில்.

யசோதினி தன் போனைப் பார்த்தாள். அதுவும் தமிழ். அம்மாவும் பார்க்கட்டும் என்று வாங்கிய அன்றே தமிழுக்கு மாற்றியது. போன் எந்த மொழியோ செயலியும் அந்த மொழி. ஆபீஸ் போன் இங்கிலீஷ். அவள் அமத்தியது 'மாலை'. டிக்கெட்டில் எழுதியதோ 'ஈவினிங்'. திரையில் தமிழைப் படித்து, கை இங்கிலீஷில் எழுதிவிட்டது. றலியாவும் தமிழ் படிக்கிறவள்தானே, அவளுக்கும் உறுத்தவில்லை. தமிழ் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், இது என்ன எழுத்து என்று அன்றைக்கே கேட்டிருப்பார். சொல்லவேண்டிய முதல் படியை அவளே துடைத்துப் போட்டிருக்கிறாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை.

வாசலுக்கு ஓடி ஸிபானுக்குக் கோல் எடுத்தாள்.

"ஸிபான், போனைத் தமிழுக்கு மாத்துங்க. இப்ப செயலியத் திறங்க. டாக்டர், நாள். மாலைங்கிறத அமத்துங்க. உறுதிசெய்ங்க."

அவன் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான்.

"வருது" என்றான் ஸிபான். "யா அல்லாஹ்! பொத்தான்ல எழுதியிருக்கிற சொல்லத்தான் கோட் பாக்குது. இங்கிலீஷும் சிங்களமும் குடுத்திருக்கேன், தமிழ் குடுக்கல்ல. தெரியாத சொல்லெல்லாம் காலைக்குப் போகுது. சின்ன வேலதான் தங்கச்சி. ஒரு டிக்கெட் போட்டு விடுங்க."

"எனக்கு லாகின் இல்ல ஸிபான்."

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் கை வைக்க ஏலாது, றலியாவிடம் சொல்லிப் போடச் சொல்கிறேன், ஆனால் அடுத்த பதிப்பு சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகுதான் என்றான். அவளுடைய வேலையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுடைய இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தாள்.

உள்ளே வந்தபோது அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். யசோதினி வழியை மறித்தாள்.

"அக்கா, பிழை ஒங்க மேல இல்ல. அந்தச் செயலியிலதான்."

அவள் நின்று, ஈரக் கண்ணோடு தலையாட்டினாள். "இல்ல தங்கச்சி. எனக்கு இதெல்லாம் சரியா தெரியாது. நான்தான் என்னமோ தப்பா அமத்தியிருப்பேன்."