அணைக்கு வாக்குக் கொடுத்தவர்

வெள்ளம் வந்து ஒரு வருடமாகப் போகிறது என்பதை நினைவூட்டியவர் கொழும்பிலிருக்கும் எங்கள் ஆசிரியர். "அன்றைக்குச் சொன்னது என்ன, இன்றைக்குச் செய்தது என்ன, அரைப் பக்கம் தாரும்" என்றார். மட்டக்களப்பிலிருந்து இருபது வருடமாகச் செய்தி அனுப்புகிறேன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, போன வருடம் நான் எழுதிய செய்திகளிலிருந்த வாக்குறுதிகளை ஒரு தாளில் குறித்தேன். மூன்று இருந்தன: பாடசாலைக் கிணறு, வீதி மதகு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டை எனப்படும் வயல்வெளி ஒன்றைக் காக்கும் மண் அணை.

கிணறு இறைக்கப்பட்டிருந்தது. அதிபர் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டி, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மதகும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அரசாங்கத்தைத் திட்ட வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அணைதான் என்னைக் குழப்பியது. போன வருடம் வெள்ளம் பிய்த்த இடம் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்கு நேர் கீழே சாண் உயரப் பயிர் பச்சையாக நின்றது. அரசாங்கம் வராதது புதினமில்லை. ஆனால் அந்த வட்டைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முன்னர் அவரவர் ஏக்கருக்கு ஏற்பப் பங்கு பிரித்துத் தாங்களே அணைக்கு மண் போடுகிறவர்கள். அவர்களுமா சும்மா இருந்தார்கள்?

உடைப்புக்குக் கீழே இரண்டு ஏக்கர் விதைத்திருந்த பெண் வரம்பில் நின்றார். "எப்ப தம்பி வருவாங்க? வானம் இருட்டிக் கிடக்கு. தண்ணி வந்தா முதல்ல என்ட பயிர்தான் போகும்" என்றார்.

"யாரக்கா?"

"அரசாங்கத்து ஆக்கள்தான். நீங்கதானே எழுதின?"

விவசாயிகள் தங்களுக்குள் தெரிவுசெய்யும் வட்டை விதானையாரும் வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார். என் செய்திதான். 'அடுத்த போகத்துக்கு முன்னர் அணை திருத்தப்படும் என அதிகாரி உறுதியளித்தார்.'

"விதைப்புக்கு முதல் வெச்ச கூட்டத்தில இதக் காட்டினன். பேப்பரிலயே வந்திட்டு, பிறகென்னத்துக்கு நாம மண் சுமக்கணும் எண்டு எல்லாரும் விட்டுட்டாங்க" என்றார்.

இப்போது எனக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது. நேரே அந்த அதிகாரியிடம் போனேன். "நான் எப்ப உறுதி சொன்னன்? மதிப்பீடு அனுப்பினம், அனுமதி இன்னும் வரல்ல" என்று கடிதப் பிரதியைக் காட்டினார். மாட்டிக்கொண்டதும் எல்லோரும் பேசுகிற பேச்சுத்தானே என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆதாரத்தோடு மடக்கலாம் என்று வீட்டுக்கு வந்து போன வருடக் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாளில் என் கையெழுத்து தெளிவாகவே இருந்தது: 'மதிப்பீடு அனுப்பியாச்சு. அடுத்த போகத்துக்கு முதல் செய்து தந்தால் நல்லம் என்கிறார்.'

நல்லம். அவ்வளவுதான்.

முழங்கால் தண்ணீரில் நின்று தொலைபேசியில் தட்டிய செய்தி அது. வெள்ளச் செய்தி என்றால் கடைசி வரியில் யாராவது உறுதியளித்தே ஆகவேண்டும். மூளையைக் கேளாமலே என் கை அதை எழுதிவிடும். வெட்கமாக இருந்தது. ஆசிரியரிடம் சொன்னேன்.

"அதை எழுதாதீர். அந்த அதிகாரியின் கந்தோர் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடும். ஒரு வருடம் அணை கட்டாதது உண்மைதானே?"

அதுவும் உண்மைதான். சொன்னால் அவர்கள் தப்புவார்கள், சொல்லாவிட்டால் நான் தப்புவேன். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் தூறலில் மறுபடி படுவான்கரைக்குப் போனேன். அந்த அக்கா தனியாக உரப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரி நான் போட்டது என்பதையும்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப ஒருத்தரும் வாறம் எண்டு சொல்லவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா. இண்டைக்கு நான் என்ன எழுதட்டும்?"

பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒருத்தரும் வரமாட்டாங்க எண்டு எழுதுங்க. பேப்பரில வந்தா எங்கட ஆக்கள் நம்புவாங்க. மம்பட்டியோட வந்திருவாங்க."

செய்தி அச்சாகி அந்த வட்டைக்கு வந்துசேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த பையின் வாயை விரித்துப் பிடித்தேன்.