மூன்று மிஷினும் ஓடுது

2005 ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மின்வாரிய ஆட்கள் இருவர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். மரக்காணத்தில் அந்த ஆண்டு முழுக்க யாராவது வந்து கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு வந்தவர்களிடம் கூட்டிச் சொன்ன வீட்டுக்கு ஏதாவது கிடைத்தது. குறைத்துச் சொன்ன வீடு விடுபட்டது. கூட்டிச் சொல்லும் பழக்கம் எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் தங்கைக்கு வலது கால் சூம்பியிருந்தது. உப்பளத்தில் நிற்க முடியாது, மிதி மிஷினும் ஆகாது. நிவாரணத்தில் வந்த தையல் மிஷினில் மோட்டார் பொருத்திய பிறகுதான் அவள் கையில் ஒரு தொழில் இருந்தது. மாதா கோவிலில் புதுநன்மை வாங்கும் சிறுமிகளின் வெள்ளைக் கவுன்கள் அவளிடம்தான் வரும். சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டகையில் இருந்த இரண்டு பெண்கள், துருப்பிடிக்கும் என்று தங்கள் மிஷின்களையும் அவள் வீட்டில் வைத்திருந்தார்கள். ஓடியது அவளுடையது ஒன்றுதான்; தையல் கற்க யாரும் வந்ததில்லை.

"எத்தினி மிஷின் ஓடுதும்மா?" மின்வாரிய ஆட்களில் ஒருவர் அவளிடம் கேட்டார்.

"மூணுங்க. மூணும் ஓடுது. நாலு பொண்ணுங்களுக்குக் கத்தும் குடுக்கிறேன்."

"அடேயப்பா, டெய்லர் கடையே நடத்துறியே!"

அவள் சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்து, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள்.

சில நாளில் ஆணை வந்தது. வீட்டு இணைப்பில் தொழில் நடக்கிறதாம். முந்தைய மூன்று மாத மின்சாரம் முழுவதையும், அடுப்படி விளக்கு உட்பட, கடைக் கட்டணத்தில், அதுவும் ஒன்றரை மடங்காகப் போட்டிருந்தார்கள்.

ஆட்சேபணை எழுதிக்கொண்டு பொறியாளரைப் பார்க்க அவளோடு நானும் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மிஷின்னு சொல்லியிருந்தா எங்க ஆளு கண்டுக்காம போயிருப்பான். ஆனா ஒண்ணுன்னாலும் கூலிக்குத் தைச்சா கமர்ஷியல்தாங்க."

"மோட்டாரைக் கழட்டிட்டுக் கையால சுத்துனா, சார்?" தங்கை கேட்டாள்.

"தைக்கிற எடத்துல லைட்டு, ஃபேன் ஓடுதுல்லம்மா? ரூமைத் தனியா தடுத்து, தனி மீட்டர் வாங்கிக்க. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்து வேணும்."

வீடு அவள் கணவனின் அண்ணன் பேரில் இருந்தது. அவர் திண்டிவனத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்றார்.

"ரூமைத் தடுத்து மீட்டரும் வெச்சிட்டா, நாளைக்குப் பங்குன்னு நிப்பீங்க. கையெழுத்து கேக்காத."

"பங்கு வேணாம் மாமா, கரண்டு மட்டும்தான்..."

அவர் கையெழுத்துப் போடாமலே திண்டிவனம் பஸ்ஸுக்கு நடந்தார்.

கட்டணத்தைக் கட்டினோம். இரண்டு பெண்களும் தங்கள் மிஷின்களைத் தூக்கிப்போனார்கள். ஆகஸ்டில் தங்கையின் மிஷின் கூனிமேட்டில் ஒரு துணிக்கடையின் பின்னறைக்குப் போனது. அங்கே கடை மீட்டர் இருந்தது. அவளும் அதன் பின்னாலேயே, கூலிக்கு, தினமும் பஸ்ஸில் போனாள். பஸ் படி அவளுக்கு உயரம். கண்டக்டர் கைகொடுத்தால் ஏறுவாள்.

வீட்டைத் திரும்பச் சோதித்துவிட்டு, கட்டணத்தைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார்கள். சோதிக்க வந்தவர் காலி மூலையைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப இங்க ஒண்ணும் ஓடலியேம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள். இந்த முறை கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.