கூட்டினால் சைபர்

பி.காம் முடித்ததும் நான் முதலில் வேலைக்குப் போனது காரைக்குடியில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு. ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடை. முதலாளிக்கு நாற்பது வயதுக்கு மேல் கண் அழுத்த நோயில் பார்வை முழுவதும் போய்விட்டது. ஆணியை விரலில் உருட்டியே எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். ரூபாய் நோட்டை நீளத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். கணக்கு மட்டும் அடுத்தவர் கையில் இருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பூரில் இருந்த அவர் தம்பி ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு புரோகிராம்களும் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று திரையில் இருப்பதை வாசிக்கும். மற்றது இவர் சொல்வதைக் கேட்டுச் செய்யும். இரண்டுக்கும் இங்கிலீஷ்தான் தெரியும். கேட்கிற புரோகிராமுக்குக் குரலைப் பழக்க, திரையில் வரும் பத்திகளை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் எங்கே வாசிப்பது? நான் வரிவரியாக அவர் காதில் கிசுகிசுப்பேன், அவர் மைக்கில் உரக்கச் சொல்வார். மூன்று மத்தியானம் அதிலேயே போயிற்று.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. விற்பனை ஆனதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "ஃபோர்... ஃபைவ்... சீரோ... என்டர்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கட்டத்தில் 450 விழும். வாசிக்கிற குரல் அதைத் திருப்பிச் சொல்லும். அந்தக் குரல் ஹெட்செட்டுக்குள்தான் கேட்க வேண்டும். வெளியே வந்தால் மைக் அதையும் பிடித்துக்கொண்டு கண்டதையும் எழுதிவிடும். புள்ளி, கோடு மாதிரிக் குறிகளையெல்லாம் வாசித்தால் நேரமாகிறதென்று, எண்ணையும் எழுத்தையும் மட்டும் வாசிக்கும்படி அவர் வைத்திருந்தார். அவர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வியாபாரம் பார்க்கும்போது, டீ, ஆட்டோ, இறக்குகூலி போன்ற சில்லறைச் செலவுகளை நான் விசைப்பலகையில் தட்டிவிடுவேன்.

கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறிய வாரமே கல்லாவில் பணம் குறைய ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் சொல்லும் இருப்புக்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் ஒரு நாள் எண்பது வித்தியாசம், ஒரு நாள் நூற்றிருபது. சாயங்காலம் கல்லாவை எண்ணுவது அவர் மனைவி. அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் இருந்த கல்லாச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். திருடி என்ற பேரோடு எப்படி வீட்டுக்குப் போவது? வேலையை விடுகிறேன் என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். விட்டால் எடுத்தவள் நான்தான் என்று ஆகிவிடுமே என்று கொடுக்கவும் இல்லை.

அன்றைக்கு நல்ல மழை. கடையில் ஈ காக்கை இல்லை. மொத்தச் செலவே நான் தட்டிய நாற்பத்தைந்து ரூபாய் இறக்குகூலி ஒன்றுதான். வழக்கமாக இருப்பை மட்டும் கேட்கிறவர், அன்று சாயங்காலம் பொழுது போகாமல் செலவுப் பத்தியில் இறங்கினார். அவர் காதில் "ஃபார்ட்டி ஃபைவ்" என்றது குரல். இன்னும் கீழே, கூட்டுத்தொகைக்கு வந்தார். "சீரோ."

"இங்குட்டு வாம்மா," என்றார். "நாப்பத்தஞ்சைக் கூட்டுனா சைபர் வருமா?"

திரும்ப மேலே, நாற்பத்தைந்து இருந்த கட்டத்துக்குப் போய் அதைத் திறந்து, அம்பு விசையை ஒவ்வொன்றாகத் தட்டினார். எழுத்தெழுத்தாகப் போனால் அது எதையும் விடாது. சட்டென்று ஹெட்செட் கம்பியைப் பிடுங்கினார். குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஃபோர். ஃபைவ். ஸ்லாஷ். டாஷ்."

வவுச்சரில் எழுதுகிற மாதிரியே 45/- என்று தட்டியிருக்கிறேன். பின்னால் யாரும் ஒரு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாதே என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். கோடு சேர்ந்ததும் கம்ப்யூட்டருக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. கூட்டலில் தள்ளிவிட்டது. செலவு குறைந்தால் இருப்பு கூடுதலாகத்தானே காட்டும்.

"நாந்தாண்ணே போட்டேன்," என்றேன். "யாரும் ஏமாத்திரக் கூடாதுன்னு போட்டேன்."

"கோட்டைச் சொல்லாதேன்னு அது வாயைக் கட்டுனது நானு," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து உக்காரு. நீயும் கேளு."

அண்ணி வந்து உட்கார்ந்தார். முதலாளி பழைய நாள் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் தட்டிய ஒரு செலவையும் விடவில்லை. ஸ்லாஷ், டாஷ். ஸ்லாஷ், டாஷ். அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முதலாளி ஒவ்வொரு கோட்டையும் அழித்து என்டர் தட்டியதும், தினமும் கல்லாவை எண்ணி எழுதிய நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தந்த நாள் இருப்பு என்ன என்று கேட்டுச் சரிபார்த்தார். கடைசி நாளும் சரியாக வந்ததும் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களே வச்சிருங்க அண்ணி. உங்ககிட்டதான் பத்திரமா இருக்கும்," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அண்ணி சாவியை எடுக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்," என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலையில் வந்தபோதும் சாவி வைத்த இடத்திலேயே இருந்தது. கல்லாவும் பூட்டாமல் கிடந்தது. பையில் இருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.