3/2 எழுதிய பிள்ளை

அந்தப் பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றபோது நான் ஐந்து பாடவேளை கத்திக் களைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறைப்பாட்டைக் கேட்க என்னிடம் தெம்பில்லை. வாசலில் நின்றால் நான் போகச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, நேரே மேசைக்கே வந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்புக்காரி. சவளக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பாடசாலைகளுக்கு இடையிலான கணிதப் போட்டிக்கு நான்கு பேரைத் தெரிவு செய்ய ஒரு இணையவழிச் சோதனை வைத்திருந்தோம். அன்று காலைதான் பெயர்ப்பட்டியலை ஒட்டினோம். நான்காவது பெயர் என் மகளுடையது, பதினெட்டுப் புள்ளி. இவள் பதினேழு, ஐந்தாவது. மகள் எழுதும் சோதனைக்கு நானே வினா செய்வது சரியில்லைதான். ஆனால் அந்த வகுப்புகளுக்குக் கணிதத்துக்கு இருப்பது நான் ஒருத்தி.

"டீச்சர், 3/2உம் 1.5உம் ஒண்டுதானே?"

"ஓம்."

"எனக்கு அத பிழையெண்டு போட்டிருக்கு டீச்சர்."

தன் வாப்பாவின் போனை நீட்டினாள். பதினோராவது வினா. ஒரு பம்பு ஒரு மணித்தியாலத்தில் தாங்கியின் 2/3 பங்கை நிரப்பும், முழுத் தாங்கியும் நிரம்ப எத்தனை மணித்தியாலம்? அவள் 3/2 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு. இரண்டு புள்ளி போயிருந்தது.

பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. விடையாக நான் கொடுத்தது 1.5 ஒன்று மட்டும். அதோடு, மற்ற எல்லா விடையும் பிழை என்ற பெட்டியிலும் சரி போட்டிருந்தேன். இயந்திரம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்குமே தவிர, வகுத்துப் பார்க்காது.

பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுக் கணினியில் வினாவைத் திறந்தேன். முதலில் எதைத் தேடினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'விடையைத் தசமத்தில் தருக' என்று எங்காவது எழுதியிருக்கிறேனா என்று தேடினேன். எழுதியிருந்தால் தப்பிவிடலாம். இரண்டு தரம் வாசித்தேன். அப்படி எதுவும் இல்லை.

ஒரே விடையை எழுதியவர்களைக் கணினி ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். 3/2 இவள் ஒருத்தி. 1 1/2 இரண்டு பேர். இவை சரி, யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை 1.30 என்று எழுதியிருந்தாள். ஒன்றரை மணித்தியாலம் என்றுதான் நினைத்திருப்பாள், பாவம். ஆனால் கேட்டது எத்தனை மணித்தியாலம் என்று. 1.30 என்றால் ஒன்றரை ஆகாது. அதைப் பிழையாகவே விட்டேன். மற்ற மூன்று பேருக்கும் சரி போட்டுச் சேமித்தேன். சவளக்கடைப் பிள்ளை பத்தொன்பதுக்கு ஏறினாள். 1 1/2 எழுதிய இருவரும் அப்போதும் கீழேதான் நின்றார்கள். என் மகள் ஐந்தாவது.

அதிபரிடம் போனேன். அவருக்கும் களைப்புத்தான்.

"பட்டியல் ஒட்டியாச்சே டீச்சர். மெஷின் போட்ட புள்ளிதானே, நீங்க போட்டதில்லயே."

"மெஷினுக்கு விடை குடுத்தது நான்தான் சேர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்த நான்காவது பெயர் யாருடையது என்று அவருக்கும் தெரியும். பிறகு புதிய பட்டியலில் கையெழுத்து வைத்தார். என்னை நல்லவள் என்று நினைத்திருப்பார். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மகள் அன்று பாடசாலைக்கு வரவில்லை, காய்ச்சல். பட்டியலில் பெயர் இருப்பதைத் தோழிகள் போனில் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து அஸர் தொழுதுவிட்டு அவளுடைய கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வழி நெடுக வார்த்தை தேடிக்கொண்டு வந்தவள், எல்லாவற்றையும் மறந்து போட்டு உடைத்தேன். ஒரு பிள்ளை 3/2 என்று எழுதியிருந்தாள், அதுவும் சரி, அதனால் உன் பெயர் போய்விட்டது.

அழுவாள் என்று பயந்தேன். கண் கலங்கத்தான் செய்தது. போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் முதல்ல 3/2தான் உம்மா வந்திச்சி."

"பிறகு?"

"நீங்க வீட்டுல எனக்குக் கணக்குச் செஞ்சி காட்டக்குள்ள கடைசியில எப்பயும் தசமத்துக்குத்தானே மாத்துவீங்க. இதுவும் உம்மா செஞ்ச சோதனைதானே எண்டு 1.5 போட்டன்."

சவளக்கடைப் பிள்ளைக்கு நான் இரண்டு புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத்தான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். அதே இரண்டு புள்ளியை மகளுக்கு வீட்டில் வைத்தே கொடுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்டிருக்கவில்லை.