தள்ளி ஸ்டார்ட் பண்ணின கார்

மாரி மழை வந்தால் எங்கள் காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நட்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு மனேச்சர் ஆங்கிலத்தில் முடிவு சொல்வார். அதைத் தமிழில் கடிதமாக்கி ஆட்களின் கையில் கொடுப்பது என் வேலை. மழை அவர் மேல் பெய்வதில்லை, திட்டு முழுக்க எனக்குத்தான்.

ஒரு மாரியில் துறைமுகத்துப் பக்கத் தாழ்வான குறுகிய ஒழுங்கையொன்றில் நின்ற வாடகை ஹயரிங் கார் ஒன்று, ஆட்கள் இருக்கும் கதிரை மட்டத்துக்கு வெள்ளத்தில் மூழ்கியது. சொந்தக்காரர், மூதூர் லோஞ்சுப் படகில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றி ஓடும் ஒரு முஸ்லிம் நானா. அந்தக் காரை விட்டால் அவருக்கு வேறு வருமானம் இல்லை. வெள்ளச் சேதத்துக்கும் சேர்த்தே காப்புறுதி செய்திருந்தார். ஆகவே பழுதான எஞ்சினுக்கும் முழுக் காசு கிடைக்கும் என்று நம்பியிருந்தார்.

ஆனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தந்திருந்தார். வெள்ளம் வடிந்ததும் முன்பக்கத்தால் ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தாராம். அசையவில்லை. சேறு இறுகிவிட்டது என்று நினைத்து, இரண்டாம் கியரில் போட்டு ஒழுங்கை ஆட்களை விட்டுத் தள்ளுவித்தாராம். இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனதாம். ஒழுங்கை முழுக்கக் கைதட்டு. முடக்கில் திரும்பும்போது பெரிய சத்தம், எஞ்சினின் விலாவில் ஓட்டை.

அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை நேரே கொடுத்தேன். கதிரைகள், டைனமோ, ஸ்டார்ட்டர், பிரேக் ஆகியவற்றைத் திருத்துவதற்கும், எஞ்சினிலிருந்து தண்ணீரை வடித்து எண்ணெய் மாற்றுவதற்கும் தருவோம். இவை வெள்ளம் செய்த சேதம். வளைந்து முறிந்த, பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் கம்பிக்கும் உடைந்த எஞ்சின் புளொக்குக்கும் தர முடியாது. தண்ணீரை வடிக்காமல் பலர் சேர்ந்து தள்ளி எஞ்சினை இயக்கியதால் பின்னர் உண்டான சேதம் அது, ஒப்பந்தத்தில் அடங்காது. இதுதான் கடிதத்தின் சாரம்.

நானா மெதுவாக வாசித்தார். சத்தம் போடுவார் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

“தம்பி, வெள்ளம் வராட்டி எஞ்சினுக்குள்ள தண்ணி எப்பிடி வரும்?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வரும்.

“வந்தது வெள்ளத்தாலதான் நானா. ஆனா தண்ணி சும்மா நிண்டு கொன்ரொட்டை வளைக்கேல்லை. காத்தெண்டா பிஸ்டன் அமுக்கும், தண்ணியை அமுக்க ஏலாது. அதாலதான் ஹாண்டில் சுத்தேல்லை. அப்பவே பிளக்கைக் கழட்டித் தண்ணியை வெளிய விட்டிருந்தா எஞ்சின் தப்பியிருக்கும். தள்ளேக்க காரின்ர பாரம் முழுக்கப் போய் அந்தக் கம்பியை வளைச்சுப்போட்டுது.”

“அப்ப ஹாண்டில் எனக்குச் சொல்லித்தான் இருக்கு,” என்றார்.

“ஓம்.”

வடிந்ததும் என்று எழுதியிருந்தாலும், தள்ளும்போது தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்ததா, காரைக் காப்பாற்றத்தான் அவசரமாகத் தள்ளினீர்களா என்று கேட்டேன். அப்படியென்றால் மனேச்சரிடம் இன்னொருதரம் கதைத்துப் பார்க்கலாம்.

“இல்லைத் தம்பி. வடிஞ்சு வெயிலும் வந்திட்டுது. இல்லாததைச் சொல்ல மாட்டன். எஞ்சினை எப்பிடியும் நான் செய்விப்பன்.” பிறகு கடிதத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். “இதை மட்டும் மாத்தித் தருவீங்களா? ‘பலர் சேர்ந்து தள்ளி’ எண்டிருக்கு. எங்கட ஒழுங்கையில கடிதம் வந்தா எல்லாரும் கூடி நிண்டுதான் வாசிப்பாங்க. வெள்ளத்துக்குள்ள என்ர கட்டில், அலுமாரி எல்லாத்தையும் சுமந்தவங்க அவங்கதான். அவங்கதான் என்ர எஞ்சினை உடைச்சவங்க எண்டு கந்தோர் எழுதக் கூடாது. ‘உரிமையாளர் எஞ்சினை இயக்கியதால்’ எண்டு எழுதுங்க. தள்ளச் சொன்னவன் நான்தானே.”

நட்டஈடு கேட்டு வந்தவர்கள் குற்றத்தை அடுத்தவன் தலையில் போட்டதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். கடிதத்தை மனேச்சரிடம் கொண்டுபோனேன். முடிவு மாறாது, காரணமும் பொய்யில்லை என்று சொல்லி அவர் புதுக் கடிதத்தில் ஒப்பமிட்டார்.

கார் மறுபடி ஓட மாதக்கணக்காயிற்று. அதுவரை நானா இன்னொருவரின் லொறியில் கூலிக்கு ஓடினார். பிறகு ஒருநாள் சீனன்குடாவுக்கு அவருடைய காரில் போனேன். போகிற வழியில் ஒழுங்கை ஆள் ஒருவரை முன்கதிரையில் ஏற்றினார். நான் யார் என்று அறிந்ததும் அந்த மனிசன் திரும்பி என் மேல் பாய்ந்தான்.

“நீங்களா எஞ்சினுக்குக் காசில்லை எண்டு எழுதினது? மனச்சாட்சி இருக்கா? செத்துக் கிடந்த காரை அண்டைக்கு நாங்க தள்ளித்தானே ஸ்டார்ட் பண்ணினது!”

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நானா கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஓம் தம்பி,” என்றார் அவனிடம், “நீங்க இல்லாட்டி அண்டைக்கு அது அசைஞ்சே இருக்காது.”